"இது போதும்" என்று எங்கே நிறுத்துவது? தப்பே நடக்கக் கூடாது என்ற பயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் கல்லூரி மாணவர்களும், வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆனவர்களும் அதிகம். படபடப்பு, தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கொஞ்ச நேரம் பேசினால், அடியில் கிடப்பது "தப்பு நடந்துவிடக் கூடாது" என்ற பயம் என்று தெரியவரும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

எதையும் சரியா செய்யணும்னு நினைக்கிறது நல்ல குணம்தானே மேடம்? அதுல என்ன தப்பு?

நல்ல குணம்தான். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி நான் யாரிடமும் கேட்பதில்லை. ஒரு தையற்காரர் காலர் கோணலாக விழுந்ததைப் பார்த்து, பிரித்து மறுபடி தைக்கிறார். அது தொழில் சுத்தம். இன்னொருவர் அதே காலரைப் பார்த்ததும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நினைக்கிறார். ராத்திரி அதையே நினைத்துப் புரள்கிறார். மறுநாள் அடுத்த துணியை வெட்டக் கத்தரி எடுக்கவே கை வரவில்லை. இரண்டு பேருடைய தரமும் ஒன்றுதான். முதலாமவருக்குக் காலர் மட்டும் கோணியது. இரண்டாமவருக்குத் தன் மதிப்பே கோணிப்போனது.

2002-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரோஸ் ஷாஃப்ரன், ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் பர்ஃபெக்ஷனிசம் என்ற இந்தப் பிரச்சினைக்குத் தந்த விளக்கமும் இதைத்தான் மையமாக வைக்கிறது. தனக்குத் தானே போட்டுக்கொண்ட கடுமையான தரத்தை எட்டினோமா என்பதை வைத்தே தன்னை எடைபோடுவது, அதனால் கெடுதல் வந்தாலும் விடாமல் அதையே பிடித்துக்கொண்டிருப்பது. ஆகவே உங்கள் தரம் எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டாம். அதை எட்டாத நாளில் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், அந்த நினைப்பு உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், தேதிக்குள் கொடுக்க வேண்டிய வேலை, இவற்றில் ஒன்று மாதக்கணக்கில் அடிபட்டுக்கொண்டிருந்தால் மற்ற பதில்களும் உங்களுக்குப் பயன்படும்.

நான் எதையும் ஆரம்பிக்கவே மாட்டேன், கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடுவேன். நான் சுத்த சோம்பேறி. என்னைப் போய் பர்ஃபெக்ஷனிஸ்ட்ங்கறீங்க?

வேலை செய்யப் பிடிக்காதவர் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு நிம்மதியாகப் படம் பார்ப்பார். உங்களால் முடிகிறதா? முடியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். படம் ஓடிக்கொண்டிருக்கும், மனம் அந்த அசைன்மென்டிலேயே இருக்கும். நடப்பது இதுதான்: ஃபைலைத் திறக்கிறீர்கள், எழுதப்போவது நன்றாக வராது என்ற நினைப்பு வருகிறது, நெஞ்சு இறுகுகிறது, மூடிவிடுகிறீர்கள். மூடியதும் ஒரு ஆசுவாசம். அந்த ஆசுவாசம்தான் ஆபத்து. "மூடினால் நிம்மதி கிடைக்கும்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை ஃபைலின் பெயரைப் பார்த்தாலே நெஞ்சு இறுக ஆரம்பிக்கிறது.

இதில் இன்னொரு பிடியும் உண்டு. ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்து மார்க் குறைந்தால், "நேரமில்லை, அதனால்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதம் உழைத்து அதே மார்க் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. தள்ளிப்போடுவது மார்க்கைக் கெடுத்தாலும் உங்கள் மதிப்புக்கு ஒரு கவசமாக இருக்கிறது. இதைச் சொல்லும்போது பலர் அமைதியாகிவிடுவார்கள், சிலர் அழுதுவிடுவார்கள். வருடக்கணக்காகத் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

இவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை சின்னது. கடிகாரத்தில் 15 நிமிடம் வைத்து, வேண்டுமென்றே மோசமாக ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருக்கலாம், பாதி வாக்கியத்தில் விடலாம், "இங்கே ஏதோ ஒரு உதாரணம்" என்று எழுதிவிட்டு நகரலாம். அழிக்க மட்டும் கூடாது. மணி அடித்ததும் மூடிவிடலாம். இந்த முறை மூடியதற்குக் காரணம் பயம் அல்ல, நேரம் முடிந்தது. ஃபைலுக்கும் உங்களுக்கும் இருக்கும் உறவு அங்கிருந்துதான் மாற ஆரம்பிக்கிறது.

பயம் இருக்கறதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். பயம் போயிட்டா மார்க்கும் போயிடாதா?

கொஞ்சம் பயம் உதவும். எவ்வளவு என்பதுதான் விஷயம். 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் வெளிச்சமானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், தப்பான பெட்டிக்குள் போனால் மின் அதிர்ச்சி. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வித்தியாசம் நுணுக்கமானபோது அப்படி நடக்கவில்லை. குறைவான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன, கூடினால் தடுமாறின. எலியை வைத்து மனிதனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் அன்றாடம் பார்ப்பதும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. வாய்ப்பாடு ஒப்பிக்கப் பயம் உதவலாம். புதிதாக யோசித்து எழுத வேண்டிய பதில், நேர்முகத் தேர்வு, ஆராய்ச்சிக் கட்டுரை போன்ற இடங்களில் அதே பயம் தலையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. யோசிக்க மீதிப் பாதிதான் இருக்கும்.

"பயத்தால்தான் வந்தேன்" என்பதை நீங்கள் ஒருமுறையாவது சோதித்துப் பார்த்ததுண்டா? எல்லாப் பரீட்சைக்கும் பயந்தே போயிருந்தால், பயமில்லாமல் போனால் என்ன ஆகும் என்று தெரிய வழியே இல்லை. உங்கள் உழைப்புக்குச் சேர வேண்டிய பெயரைப் பயம் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

யாராவது பாராட்டினா ஒட்டவே மாட்டேங்குது. நல்ல மார்க் வந்தாலும் சந்தோஷம் ஒரு நாள் கூட இருக்கறதில்ல. ஏன்?

தரத்தை எட்டியதும் அதை நகர்த்தி வைத்துவிடுகிறீர்கள். 92 வந்தால் "பேப்பர் ஈஸி". முதலிடம் வந்தால் "இந்த வருஷம் போட்டியே இல்லை". மேலாளர் பாராட்டினால் "அவர் எல்லாரையும்தான் பாராட்டுவார்". எட்டாவிட்டால் நீங்கள் தோற்றீர்கள், எட்டினால் அது எட்ட வேண்டிய அளவே இல்லை. முதல் பதிலில் சொன்ன ஆய்வாளர்கள் இதையும் இந்தச் சுழலின் ஒரு கண்ணியாகக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் ஜெயிக்கவே முடியாது. அதனால்தான் வெற்றி சேரச் சேர நிம்மதி கூடுவதில்லை.

இதற்கு நான் சொல்லும் வழி, தரத்தை முன்கூட்டியே எழுதி வைப்பது. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் "80 வந்தால் எனக்குச் சரி" என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் முதலில் அந்தத் தாளை எடுங்கள். 84 வந்த நாளில் மனம் "90 வாங்கியிருக்க வேண்டாமா" என்று சொல்லும். தாள் வேறொன்று சொல்லும். மனம் கோட்டை நகர்த்துவதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் அது.

சரி, "இது போதும்"னு எங்க நிறுத்தறது? அதுக்கு அளவு என்ன?

மனம் அமைதியாகும் வரை என்று வைத்துக்கொண்டால் நிறுத்தவே முடியாது. இந்தப் பயம் உள்ளவர்களுக்கு அந்த அமைதி வருவதில்லை. ஆகவே நிறுத்தும் இடத்தை வேலை தொடங்கும் முன்பே, தலை தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதனுக்கு நேரமும் கவனமும் அளவோடுதான் இருக்கின்றன, எல்லா வழிகளையும் பார்த்துவிட்டுச் சிறந்ததை எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம், ஆகவே தேவையை முதலில் வகுத்துக்கொண்டு அதை நிறைவேற்றும் முதல் வழியை எடுத்துக்கொண்டு நகர்கிறோம் என்றார்.

நான் மூன்று விஷயங்களை எழுதச் சொல்வேன். இந்த வேலை யாருக்கு, அவருக்கு இதிலிருந்து என்ன தெரிய வேண்டும்? எவ்வளவு நேரம்? எத்தனை முறை சரிபார்ப்பது, எதை எதை? மூன்றாவதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். "ஒருமுறை பார்ப்பேன்" என்று எழுதினால் போதாது. "பெயர், தேதி, தொகை, இந்த மூன்றையும் ஒருமுறை" என்று எழுத வேண்டும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது, அது பயத்தைத் தடவிக் கொடுப்பதுதான். பத்து முறை பார்த்தாலும் தப்பு கண்ணில் படாமல் போவது அதனால்தான்.

சொல்றது புரியுது, ஆனா நிஜத்துல எப்படிச் செய்யறது? ஒரு ஆளை வச்சுச் சொல்லுங்களேன்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் பெண், வயது 26. ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து மெயில் அனுப்ப வேண்டும். சில ஐந்து வரி மெயிலுக்கு 40 நிமிடம் கூட ஆகும், அனுப்பும் முன் பத்துப் பன்னிரண்டு முறை படிப்பார். அனுப்பிய பிறகு அனுப்பியதைத் திறந்து மறுபடி படிப்பார். முக்கியமான மெயிலாக இருந்தால் பக்கத்து சீட் அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். வேலை முடிய ராத்திரி ஒன்பதரை ஆகும். வீட்டில் சண்டை. நெஞ்சு படபடக்கிறது என்று ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்ற பிறகு என்னிடம் வந்தார்.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை, எண்ண மட்டும் செய்தோம். ஒவ்வொரு மெயிலுக்கும் எத்தனை முறை படித்தார், எத்தனை நிமிடம் ஆனது, படித்ததில் எத்தனை நிஜமான தப்பு கிடைத்தது என்று ஒரு நோட்டில் கோடு போட்டார். கிடைத்த தப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே முதல் இரண்டு வாசிப்பில் வந்தவை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் "கைண்ட்லி" போடலாமா "ப்ளீஸ்" போடலாமா என்ற மாற்றம்தான். இரண்டாவது வாரம் சோதனை. ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் போகும் மெயிலைத் தொடவில்லை. சாயப்பட்டறையில் இருக்கும் சக ஊழியருக்குப் போகும் மெயில் ஒன்றை எடுத்தோம். விதி: பத்து நிமிடம், ஒரே வாசிப்பு, ஆர்டர் எண்ணையும் அளவையும் தேதியையும் ஷீட்டோடு ஒப்பிடுவது, அனுப்புவது, மறுநாள் காலை வரை அதைத் திறக்காமல் இருப்பது, யாரிடமும் காட்டாமல் இருப்பது. அனுப்பும் முன் என்ன நடக்கும் என்று எழுதினார்: "ஏதோ தப்பு இருக்கும், அவர் என்னைக் கவனமில்லாதவள் என்று நினைப்பார். 80 சதவீதம் நம்புகிறேன்." பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது. "ஓகே மேடம், நாளைக்கு லாட் அனுப்பறோம்." அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்த வாரம் ஐந்து மெயில். அடுத்த வாரம் அலுவலகத்துக்குள் போகும் எல்லா மெயிலும். அதற்கடுத்து பையர் மெயில், அதற்கு இரண்டு வாசிப்பு. நான்காவது வாரம் கொஞ்சம் கடினமான ஒன்றைக் கேட்டேன்: சக ஊழியருக்கு ஒரு மெயிலில் வேண்டுமென்றே ஒரு எழுத்துப்பிழை விட வேண்டும். எண்ணிலோ தேதியிலோ கூடாது, சாதாரணச் சொல் ஒன்றில். அதை அனுப்ப அவருக்கு இருபது நிமிடம் ஆனது, கை நடுங்கியது என்றார். யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. எட்டாவது வார முடிவில் பெரும்பாலான நாட்களில் ஆறரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படபடப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் அதைப் பார்த்து அவர் நிற்பதில்லை.

நானும் ஒரு தடவை செக் பண்ணாம கொடுத்துப் பார்த்தேன். நிம்மதி வரல, பதற்றம் இன்னும் ஜாஸ்திதான் ஆச்சு. எனக்கு இது ஒத்து வராது போல.

முதலில் கூடத்தான் செய்யும். சரிபார்ப்பதுதான் இத்தனை நாள் உங்கள் வலி மாத்திரை. அதை நிறுத்திய அன்று வலி தெரியும். அந்தப் பதற்றம் பெரும்பாலும் ஒரு உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். இறங்கும்வரை காத்திருந்தால்தான் "சரிபார்க்காமலும் இது அடங்கும்" என்று மூளைக்குத் தெரியவரும். உச்சியில் இருக்கும்போது ஃபைலைத் திறந்துவிட்டால், "நல்லவேளை பார்த்தோம்" என்பதே பாடமாகிவிடும்.

ஒரு தடவை செய்து முடிவு கட்ட வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். சரிபார்க்கவில்லை என்று சொல்லும் பலர் வேறு ரூபத்தில் அதைச் செய்திருப்பார்கள். நண்பரிடம் "இது ஓகேதானே" என்று கேட்டிருப்பார்கள், கொடுக்கும்போதே "அவசரத்துல எழுதினது சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், மனதுக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்திருப்பார்கள். திருப்பூர்ப் பெண்ணுக்குப் பக்கத்து சீட் அக்கா எப்படியோ அப்படித்தான் இவையும். இவை இருக்கும்வரை, தப்பு நடக்காததற்கு இவைதான் காரணம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்புறம், நீங்கள் எடுத்த வேலை ரொம்பப் பெரியதாக இருந்திருக்கலாம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் தொடங்காதீர்கள். வாட்ஸாப் செய்தியில் தொடங்குங்கள்.

எல்லாம் சரி, நிஜமாவே தப்பு நடந்துட்டா? அப்ப என் பயம் சரின்னுதானே ஆகும்?

திருப்பூர்ப் பெண்ணுக்கு அது நடந்தது. ஆறாவது வாரம், சாம்பிள் அனுப்பும் தேதியை 17 என்பதற்குப் பதிலாக 14 என்று பையருக்கு எழுதிவிட்டார். பையர் கேட்டு மெயில் போட்டார். அந்தப் பெண் எனக்கு ஃபோன் செய்தபோது பேச்சே வரவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: இப்போது என்ன செய்தால் இது சரியாகும்? இரண்டு வரி போதும் என்றார். "தேதியைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன், சரியான தேதி 17" என்று எழுதி அனுப்பினார். "நோட்டட்" என்று ஒரு சொல் பதிலாக வந்தது. மேலாளர் காரணம் கேட்டார், இவர் சொன்னார், மேலாளர் முகம் சுளித்தார், அதோடு முடிந்தது.

பயத்தில் இரண்டு கணிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று, தப்பு நடக்கும். இன்னொன்று, நடந்தால் என்னால் தாங்க முடியாது, எல்லாம் போய்விடும். முதல் கணிப்பு சில நேரம் பலிக்கும், தப்பு செய்யாத மனிதர் கிடையாது. இந்தப் பெண் அன்று தெரிந்துகொண்டது இரண்டாவதைப் பற்றி. தப்பே நடக்காமல் எட்டு வாரம் போயிருந்தால் அதை அவர் தெரிந்துகொண்டிருக்க முடியாது. மேலாளரின் முகச்சுளிப்பு அவருக்கு வலித்தது, அதை நான் மறைக்கவில்லை. அந்த வலி அன்று மாலைவரை இருந்தது.

டாக்டர், நர்ஸ், ஆடிட்டர் எல்லாம் "இது போதும்"னு விட முடியுமா? ஒரு தப்புல உயிரே போயிடுமே?

உயிர் போகும் இடங்களில்தான் நிறுத்தும் விதி மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. அதில் 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் சில, கத்தி வைக்கும் முன் சில, நோயாளி அறையை விட்டுப் போகும் முன் சில. நோயாளியின் பெயர், எந்த அறுவை சிகிச்சை, உடலின் எந்தப் பக்கம், ஊசிகளும் பஞ்சுகளும் எண்ணியாகிவிட்டதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது.

அந்தப் பட்டியலில் "திருப்தி வரும்வரை பாருங்கள்" என்று எங்கேயும் இல்லை. எதை, எப்போது, யார் என்று இருக்கிறது, முடிந்ததும் அடுத்த வேலைக்குப் போகிறார்கள். மேலே எழுதச் சொன்ன மூன்று விஷயங்களில் கடைசியின் பெரிய வடிவம் இது. ஆபத்து அதிகமான வேலைக்குச் சரிபார்ப்பை ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் எண்ணிக்கையை முன்பே எழுதுங்கள். நான் பார்த்த ஒரு நர்ஸ் மருந்து டோஸை விதிப்படி இரண்டு முறை பார்ப்பார், அது சரி. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வார்டுக்கு ஃபோன் செய்து கேட்பார். அந்த ராத்திரி ஃபோனை விட்டதால் எந்த நோயாளிக்கும் பாதுகாப்பு குறையவில்லை. தூங்கி எழுந்து வந்த நர்ஸ் கிடைத்தார்.

நான் மாறினாலும் வீட்டுல மாறலையே. 98 வாங்கினா மீதி ரெண்டு எங்கன்னு அப்பா கேக்கறார்.

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி. கனடாவின் உளவியல் ஆய்வாளர்கள் பால் ஹ்யூயிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் பர்ஃபெக்ஷனிசத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நினைப்பது. மூன்றாவது ரொம்பக் கனமானது, ஏனென்றால் கோடு உங்கள் கையில் இல்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களை வைத்து 1989 முதல் 2016 வரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன, அதிகம் கூடியது இந்த மூன்றாவது.

அப்பாவை மாற்றுவது உங்கள் வேலை அல்ல. ஆனால் ஒன்று கேட்டுப் பார்க்கலாம், கோபமில்லாமல், ரிசல்ட் வராத ஒரு சாதாரண நாளில்: "அப்பா, நான் எவ்வளவு வாங்கினா உங்களுக்குப் போதும்?" சிலர் யோசித்துவிட்டு "நீ பாஸ் பண்ணி ஒரு வேலைக்குப் போனாலே போதும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு மார்க் கேள்வி அவருக்குப் பேச்சுப் பழக்கம், மகளுக்கு அது தீர்ப்பு. எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. உண்மையாகவே நூறுதான் வேண்டும் என்று நிற்கும் அப்பாக்களும் உண்டு. அங்கே, கேள்வி வரும்போது விளக்கம் கொடுப்பதை நிறுத்திப் பாருங்கள். "98 வந்திருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நகர்வது மரியாதைக் குறைவு ஆகாது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1953-இல் "போதுமான அளவு நல்ல தாய்" என்று எழுதினார். பிறந்த குழந்தைக்கு அம்மா கிட்டத்தட்ட முழுதாக வளைந்து கொடுக்கிறாள், பிறகு குழந்தையால் தாங்க முடிகிற அளவுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள், அந்தச் சின்னச் சின்னக் குறைகளைக் கடந்துதான் குழந்தை உலகத்தைச் சமாளிக்கக் கற்கிறது என்றார். மார்க் ஷீட்டைப் பார்க்கும்போது முதல் வாக்கியத்தை, வந்த மார்க்கைப் பற்றிப் பேசுங்கள். வராத இரண்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் மறுநாள் பேசலாம்.

இப்ப "போதும்"னு விடறதையே பர்ஃபெக்டா செய்யணும்னு பதற்றம் வருது. விதியை மீறிட்டா, இதுலயும் தோத்துட்டேன்னு தோணுது. என்ன பண்ண?

இது வரும். பழைய மனம் புதிய பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். திருப்பூர்ப் பெண்ணும் மூன்றாவது வாரம் நோட்டை நான்கு வண்ணப் பேனாவில் பத்தி பிரித்து எழுதிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பழைய ரசீதின் பின்பக்கத்தில் கோடு போடச் சொன்னேன்.

விதியிலேயே மீறலுக்கு இடம் விடுங்கள். வாரத்தில் ஐந்து மெயில் என்றால், மூன்று விதிப்படி போனால் அந்த வாரம் சரி என்று முதலிலேயே எழுதுங்கள். மீறிய இரண்டைத் திருத்தப் போக வேண்டாம். எந்த இடத்தில் கை ஃபைலைத் திறந்தது, அப்போது என்ன நினைப்பு ஓடியது என்று ஒரு வரி போதும். அடுத்த சோதனையை எங்கே வைக்கலாம் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

இது ஓசிடி மாதிரியே இருக்கே. எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிலருக்கு இரண்டும் இருக்கும். வித்தியாசத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெயிலைப் பன்னிரண்டு முறை படிப்பவர் மெயில் நன்றாக இருக்க வேண்டும், தன்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் படிக்கிறார். ஓசிடி உள்ளவருக்கு வேண்டாத ஒரு எண்ணம் தானாக வந்து மோதும், "நாலு முறை தொடாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்" என்கிற மாதிரி. அர்த்தமில்லை என்று அவருக்கே பல நேரம் தெரியும், ஆனாலும் செய்யாமல் இருக்க முடியாது. இப்படிப்பட்ட எண்ணங்களும் செய்கைகளும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தனிப் பயிற்சி முறையும் மருந்தும் இருக்கின்றன, இந்தப் பக்கத்தை வைத்து நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

மற்றபடி, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், பரீட்சைக்கோ வேலைக்கோ போகவே முடியாமல் போனால், சாப்பாட்டையும் எடையையும் அளந்து அளந்து உடம்பு இளைத்துக்கொண்டே போனால், இரண்டு மாதம் முயன்றும் மேலே சொன்ன சோதனைகளில் முதல் படியைக் கூடத் தாண்ட முடியாவிட்டால், மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ நேரில் பாருங்கள். "தோற்றுவிட்டால் இருக்க வேண்டாம்" என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. என்ன பேசுவது என்று யோசித்து எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டியதில்லை. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் மீதியைக் கேட்டுக்கொள்வார்.